தமிழ் என்ற பெயர்: முந்தியது எது, பிந்தியது எது

கேள்வி: "எங்கள் ஊர் இடையன்குடி. தமிழ் என்ற சொல்லே திராவிடம் என்ற வடசொல்லிலிருந்து பிறந்தது என்று கால்டுவெல் எழுதியிருப்பதாக ஒருவர் சொன்னார். இது உண்மையா? தமிழ் என்பதற்கு என்ன பொருள்? அதற்கு முன்னால் நம் மொழியையும் நம் மக்களையும் எந்தப் பெயரால் அழைத்தார்கள்?"

கால்டுவெல் அப்படி எழுதியது உண்மை. ஆனால் அவர் கண்ட திசை தலைகீழானது என்பதே இன்று மொழியியலார் பெரும்பாலோரின் முடிவு. தமிழ் என்பதே மூலம். திராவிடம் என்பது அதே பெயர் வடக்கே சென்று வேறு நாக்குகளில் உருமாறிய வடிவம். இதை உறுதியாகவே சொல்லலாம். தமிழ் என்ற சொல்லின் வேர்ப்பொருள் என்ன என்பது இன்னும் முடிவாகவில்லை. முடிந்துவிட்டதாக யாரேனும் அடித்துச் சொன்னால், அவர் கையிலிருக்கும் சான்றை ஒருமுறை கேட்டுப் பார்ப்பது நல்லது. பாளையங்கோட்டையில் நெடுங்காலம் இலக்கணமும் மொழி வரலாறும் கற்பித்தவன் என்ற முறையில் இவற்றைச் சற்று விரித்துச் சொல்கிறேன்.

முதலில் நம் நூல்களுக்குள்ளேயே பார்ப்போம். தொல்காப்பியப் பாயிரத்தில் பனம்பாரனார் சொன்ன "தமிழ்கூறு நல்லுலகத்து" என்ற தொடர் எல்லாருக்கும் தெரியும். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது எழுத்ததிகாரத்துப் புள்ளிமயங்கியலில் உள்ள ஒரு சிறு நூற்பா: "தமிழென் கிளவியும் அதனோ ரற்றே." ழகர மெய்யில் முடியும் சொற்கள் அடுத்த சொல்லோடு எப்படிப் புணரும் என்று சொல்லிவரும் இடம் அது. கதவின் தாழைக் குறிக்கும் 'தாழ்' என்ற சொல் 'கோல்' என்பதோடு சேரும்போது இடையில் 'அக்கு' என்ற சாரியை பெற்றுத் 'தாழக்கோல்' ஆகலாம் என்கிறார். அடுத்த நூற்பாவில் தமிழ் என்ற சொல்லும் அப்படியே என்கிறார். அதற்கு அடுத்து வருவது குமிழ மரத்தின் பெயர். உரையாசிரியர் இளம்பூரணர் தரும் எடுத்துக்காட்டுகள் தமிழக்கூத்து, தமிழச்சேரி, தமிழத்தோட்டம், தமிழப்பள்ளி என்பன. தாழுக்கும் குமிழுக்கும் நடுவே, வீட்டுப் புழக்கச் சொல்லைப்போல, மொழியின் பெயர் அங்கே உட்கார்ந்திருக்கிறது. வடசொல்லைத் தனியே பிரித்து, அதற்கெனத் தனி விதி வகுத்த அந்த இலக்கணக்காரர், இச்சொல்லை அயற்சொல்லாக எங்கும் நடத்தவில்லை. இதை மட்டும் கொண்டு சொல்லின் பிறப்பை நிறுவ முடியாது. ஆனால் அவர் காலத்திலேயே அது ஒலியாலும் புணர்ச்சியாலும் முழுக்க உள்நாட்டுச் சொல்லாகப் பழகியிருந்தது என்பதற்கு இது போதும்.

சங்கப் பாடல்களில் இச்சொல் மொழியை மட்டும் குறிக்கவில்லை. "தமிழ்தலை மயங்கிய தலையாலங் கானத்து" என்று புறநானூற்றின் 19ஆம் பாட்டு சொல்லும்போது, அங்கே கைகலந்தவை தமிழ்ப் படைகள். படைக்கும் மக்களுக்கும் 'தமிழ்' என்பதே பெயராகிவிடுகிறது. "தமிழ்கெழு மூவர் காக்கும் மொழிபெயர் தேஎத்த" என்ற அகநானூற்று 31ஆம் பாட்டில் அது நாட்டின் தன்மையைக் குறித்து நிற்கிறது. அந்த எல்லைக்கு அப்பால் மொழி பெயர்ந்த, அதாவது மொழி மாறிய, தேயங்கள் வருகின்றன. பரிபாடலின் 9ஆம் பாட்டில் "தண்டமிழ் ஆய்வந்திலார்" என்றால் அகப்பொருள் மரபை ஆராயாதவர் என்று பொருள். ஆரிய அரசன் பிரகதத்தனுக்குத் தமிழ் அறிவித்தற்குக் கபிலர் குறிஞ்சிப்பாட்டைப் பாடினார் என்ற குறிப்பிலும் தமிழ் என்பது களவொழுக்க மரபே. ஆக, சான்று கிடைக்கும் மிகப் பழைய நிலையிலேயே இச்சொல் மொழி, நாடு, மக்கள், இலக்கிய மரபு என்று நான்கையும் சுமக்கிறது. அவ்வளவு கிளைத்திருக்க வேண்டுமானால், அது அதற்கும் முன்பே நெடுங்காலம் வழங்கியிருக்க வேண்டும்.

வெளிச்சான்றுகளில் கல்லில் பொறித்தவை தாம் காலம் கணிக்க உதவுபவை. இலங்கை அநுராதபுரத்தில் ஒரு பாறையடியில் பிராமி எழுத்தில், பிராகிருதத்தில் ஒரு பொறிப்பு இருக்கிறது, ஏறத்தாழ கி.மு. 2ஆம் நூற்றாண்டினது என்பர். 'தமேட' இல்லறத்தார் கட்டிய மேடை அது. அவரவர் அமரும் இருக்கைக்கு நேரே அவரவர் பெயர் வெட்டப்பட்டிருக்கிறது. அவர்களில் ஒருவன் கரவா என்னும் கப்பல்காரன். தமேட என்பது தமிழர் என்பதே. அந்நாட்டிலேயே பெரிய புளியங்குளத்தில் 'தமேட' வணிகன் விசாகன் என்று இன்னொரு பொறிப்பு. பாலியில் இது 'தமிள' என்றாகிறது. ஒடிசாவின் ஹாத்திகும்பா குகையில் கலிங்க மன்னன் காரவேலனின் கல்வெட்டு 'தமிர' அல்லது 'த்ரமிர' நாடுகளின் கூட்டணி ஒன்றை அவன் முறித்ததாகச் சொல்கிறது. அந்தக் கூட்டணி எத்தனை ஆண்டு நிலைத்தது என்ற எண்ணின் வாசிப்பில் அறிஞர்களுக்குள் வழக்கு உண்டு. ஆகவே '1300 ஆண்டுக் கூட்டணி' என்று மேடையில் முழங்குவோரை நம்பி எழுதிவிடாதீர்கள். பெயரின் வாசிப்பு அவ்வளவு ஐயத்துக்குரியது அன்று.

மேற்கிலிருந்து வந்த சான்றில் நம் பக்கத்துக்கும் பங்கு உண்டு. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த செங்கடல் பயண நூலான பெரிப்ளுஸ், பாண்டியனுக்கு உட்பட்ட முத்துக்குளிப்புத் துறையாகக் கொல்கோய் என்ற நம் கொற்கையைக் குறிப்பிடுகிறது. மேற்குக் கரையில் முசிறி முதலான துறைகள் இருந்த பகுதியை 'லிமிரிகே' என்கிறது. ரோமானியரின் பழைய வழிப்படம் ஒன்றிலோ அது 'தமிரிகே' என்று இருக்கிறது. கிரேக்க எழுத்தில் தகர ஒலிக்குரிய டெல்டாவும் லகர ஒலிக்குரிய லாம்ப்டாவும் உருவில் ஏறக்குறைய ஒரே முக்கோணம்; அடிக்கோடு ஒன்றுதான் வேறுபாடு. ஏடு பெயர்த்தவர் கோட்டைத் தவறவிட, தமிழகம் லிமிரிகே ஆகிவிட்டது. இந்தத் திருத்தத்தை வற்புறுத்திச் சொன்னவர் வேறு யாருமல்லர், உங்கள் ஊர்க் கால்டுவெல்தான்.

இனி அவர் பக்கம் வருவோம். 1841இல் இடையன்குடிக்கு வந்து, வாழ்நாளின் பெரும்பகுதியை அங்கேயே கழித்து, அங்கேயே அடக்கமானவர். 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டு, 1875இல் விரிவாகத் திருத்திப் பதிப்பித்தார். தமிழும் திராவிடமும் ஒரே சொல் என்று கண்டது அவருடைய பெரும் தெளிவு. ஆனால் திராவிடத்திலிருந்து தமிழை வருவிப்பதே எளிது, மறுதலையாக வருவிப்பது கடினம் என்று அவர் கருதினார்: திராவிடம், திரமிடம், திரமிளம், தமிளம், தமிழ் என்ற வரிசை. இந்த வரிசைக்கு ஒலியளவில் ஒரு நியாயம் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. வடமொழி டகரம் தமிழில் ழகரம் ஆவது பழைய வழக்கம்தான். கருடன் கலுழன் ஆனதும், நாடிகா நாழிகை ஆனதும் அவ்வாறே. எனவே ஒலி மாற்றம் ஒன்றை மட்டும் வைத்துக் கால்டுவெல்லை மறுக்க முடியாது.

மறுப்பது வேறு மூன்று செய்திகள். ஒன்று, வடமொழியில் இப்பெயர் திரவிட, திராவிட, திரமிட, திரமில என்று நிலையின்றி அலைகிறது. ஒரு மொழி தன் சொந்தச் சொல்லை இப்படி நான்கு விதமாக எழுதுவது அரிது; வாயில் அடங்காத அயற்பெயரைத்தான் இவ்வாறு ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள். இரண்டு, காலம் உறுதியான பழைய கல்வெட்டு வடிவங்கள் தமேட, தமிள என்று மகரத்தோடு வருகின்றன, வகரத்தோடு அல்ல. மூன்று, இடையில் நேர்ந்த மாற்றங்களுக்குப் பிராகிருதத்திலேயே இணை காட்ட முடிகிறது. ழகரம் இல்லாத மொழியில் அது ட, ள, ல என்று சிதறுவது இயல்பு. வடமொழி 'நித்ரா' பிராகிருதத்தில் 'நித்தா' ஆகிறது. அதாவது ரகரம் விழுகிறது. பிராகிருத வடிவத்தை மீண்டும் வடமொழியாக்க முனைந்த புலவர், இங்கும் ஒரு ரகரம் விழுந்திருக்கும் என்று எண்ணி, 'தமிள' என்பதற்குள் அதைச் செருகித் 'திரமிள' ஆக்கியிருக்கிறார். மகரம் வகரமாவதற்கு, கிராமம் வட இந்திய மொழிகளில் 'காவ்' ஆனதே போதிய சான்று. இவ்வழியில் இடறும் கல் ஒன்றுதான்: நம் வல்லொலித் தகரம் சொல்லின் முதலில், 'தானம்' என்ற வடசொல்லின் முதலெழுத்துப்போல மெலிந்து ஒலிப்பதாக மாறியது ஏன் என்பதற்கு நிறைவான விளக்கம் கிடைக்கவில்லை. மற்றவை பொருந்திவருவதால் அந்த ஒன்றைக் கொண்டு முடிவை மாற்ற அறிஞர்கள் துணிவதில்லை.

இரண்டும் ஒரே பெயர் என்பதை ஏட்டுப் படிப்பு இல்லாமலே காண, நீங்கள் ஆழ்வார்திருநகரி வரை போனால் போதும். நம்மாழ்வாரின் திருவாய்மொழியைப் பற்றி, திருக்கோளூரில் பிறந்த மதுரகவியாழ்வார் "ஆயிரம் இன்தமிழ் பாடினான்" என்கிறார். அதே நூலைப் பற்றி நாதமுனிகள் வடமொழியில் செய்த தனியன் 'திராவிட வேத ஸாகரம்' என்று வணங்குகிறது. நூல் ஒன்று, மொழி ஒன்று. சொல்பவர் தமிழில் சொன்னால் தமிழ், வடமொழியில் சொன்னால் திராவிடம். இதற்கும் முன்னதாக, ஏறத்தாழ 7ஆம் நூற்றாண்டில், மீமாம்சை அறிஞர் குமாரிலபட்டர் திராவிட மொழிச் சொற்களை வடமொழியார் தம் மொழிச் சொற்களாகத் திரித்துக்கொள்வதைக் காட்டும்போது எடுத்தாளும் சொற்களைப் பாருங்கள்: சோற்றைக் குறிக்கும் 'சோர்', வழியைக் குறிக்கும் 'அதர்', வயிற்றைக் குறிக்கும் 'வைர்'. சோறும் அதரும் வயிறும் எந்த மொழி என்று சொல்ல வேண்டியதில்லை. திராவிடம் என்பதை ஒரு மொழிக்குடும்பம் முழுமைக்கும் பெயராக விரித்தது கால்டுவெல் செய்தது. அதற்கு அவர் குமாரிலரையே துணையாகக் காட்டினார்; ஆனால் குமாரிலர் கண்முன் இருந்தது தமிழே. இந்த விரிவை மறந்துவிட்டுப் பழைய நூல்களில் வரும் 'திராவிட' என்பதைத் தெலுங்கும் கன்னடமும் அடங்கிய குடும்பப் பெயராகப் படிப்பதுதான் இன்றைய விவாதங்களில் அடிக்கடி நேரும் பிழை.

வேர்ப்பொருளுக்கு வருகிறேன். இங்கே எதையும் தீர்ந்த முடிவாகக் கொள்ள வேண்டாம். செக் நாட்டு அறிஞர் கமில் சுவலபில் 'தகு' என்ற வினையடியை முன்வைத்தார்: ககரம் வகரமாகி, வகரம் மகரமாகி, தகுதியான பேச்சு என்ற பொருளில் தமிழ் ஆகியிருக்கலாம் என்பது. அமெரிக்க அறிஞர் சவுத்வொர்த் 'தம்' என்பதோடு, மிழற்றுதல் என்ற சொல்லில் நாம் காணும் 'மிழ்' சேர்ந்து, தம் பேச்சு என்ற பொருளில் வந்திருக்கலாம் என்றார். தம் மொழிக்குத் தம் பேச்சு என்று பெயரிடுவது உலகில் பல மக்களிடம் காணப்படுவதால், பொருளளவில் இரண்டாவது எனக்கு நெருக்கமாகத் தோன்றுகிறது. ஆனால் 'மிழ்' என்பது தனியே பேச்சு என்ற பொருளில் வழங்கியதற்கு நேர்ச்சான்று வேண்டும். தகு என்பதிலிருந்து வருவிப்பதற்கோ இடைப்பட்ட வடிவம் ஒன்றேனும் வேண்டும். இரண்டுக்கும் அது கிடைக்கவில்லை. குமிழ், உமிழ், இமிழ் என்று இதே ஓசையில் முடியும் சொற்கள் நம்மிடம் உண்டு. அவற்றை வரிசைப்படுத்தினாலும், ஒலி ஒற்றுமை தெரிகிறதே தவிரப் பொது வேர் ஒன்று துலங்கவில்லை.

"இனிமையும் நீர்மையும் தமிழெனல் ஆகும்" என்ற பிங்கல நிகண்டின் அடியைக் காட்டி, தமிழ் என்றாலே இனிமை என்று பொருள் என்பார்கள். அவ்வழக்கு உண்மையில் இருந்தது. சீவக சிந்தாமணியில் "தமிழ் தழீஇய சாயலவர்" என்று அழகிய பெண்கள் சொல்லப்படுகிறார்கள். ஆனால் நிகண்டு தன் காலத்தில் வழங்கிய பொருள்களைத் தொகுப்பது. சொல் பிறந்த கதையைச் சொல்வது அதன் வேலை அன்று. மொழி இனிது என்று கருதியவர்கள் இனியதைத் தமிழ் என்றார்கள் என்று கொள்வதே காலவரிசைக்குப் பொருந்தும். அமிழ்து அமிழ்து என்று விரைந்து சொன்னால் தமிழ் என்று வரும் என்பதும், வல்லினம் மெல்லினம் இடையினம் மூன்றும் சேர்ந்த சொல் என்பதால் அப்பெயர் என்பதும் வகுப்பில் மாணவர்கள் விரும்பிக் கேட்கும் செய்திகள். இரண்டாவது உண்மையான ஒரு அழகு. நானும் அதைச் சொல்லி மகிழ்ந்திருக்கிறேன். ஆயினும் எழுத்துகளை வகைக்கு ஒன்றாகப் பொறுக்கி எந்த மக்களும் தம் மொழிக்குப் பெயர் வைத்ததில்லை. இவற்றைப் பிறப்பு விளக்கமாக எழுதலாகாது.

தமிழுக்கு முன் என்ன பெயர் என்பதற்கு, மொழி முழுமைக்குமான வேறொரு பழைய உள்நாட்டுப் பெயர் இருந்ததாகச் சான்று இல்லை என்பதே விடை. மக்களைப் பொறுத்தவரை, குடிப்பெயரும் நாட்டுப்பெயருமே முன்னின்றன. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அசோகனின் கல்வெட்டுகள் தென்னவரைச் சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் என்று பிரித்தே சொல்கின்றன. தமிழர் என்ற பொதுப்பெயர் அங்கே இல்லை. அரசுகளோடு உறவு பேசுபவர் அரசுகளின் பெயரைச் சொல்வது இயல்பாதலால், அப்போது பொதுப்பெயரே இல்லை என்று இதிலிருந்து முடிவுகட்டக் கூடாது. உள்நாட்டிலும் நிலப்பிரிவு வலுவாக இருந்தது. செந்தமிழ் நிலத்தைச் சூழ்ந்த பன்னிரு நாடுகளை எண்ணும் பழைய வெண்பா, முதலில் வைப்பதே நம்முடைய தென்பாண்டியைத்தான். ஆவையும் எருமையையும் பெற்றம் என்பது தென்பாண்டி வழக்கு என்று உரைகாரர்கள் குறித்துவைத்திருக்கிறார்கள். பின்னர், அப்பர் பெருமான் இறைவனை "ஆரியன் கண்டாய் தமிழன் கண்டாய்" என்று பாடும்போது, தமிழன் என்ற சொல் ஆளைக் குறிக்கும் பெயராகத் தெளிவாக நிற்கிறது.

அயலார் வைத்த பெயர்களில் ஒரு ஒழுங்கு தெரிகிறது: தமக்கு அடுத்திருந்த பகுதியின் பெயரை அவர்கள் முழுமைக்கும் சூட்டினார்கள். செங்கோட்டை, புளியரைப் பக்கத்தார்க்கு இதைச் சொல்லத் தேவையில்லை. மலைக்கு மேற்கே தமிழ்நாட்டார் எல்லாருமே பாண்டிக்காரர்கள்தாம், அவர் சோழநாட்டவராயினும் சரி. தெலுங்கர் தமிழை அரவம் என்பது, அவர்களை ஒட்டியிருந்த அருவா நாட்டின் பெயரிலிருந்து வந்தது என்ற விளக்கம் இந்த ஒழுங்கோடு நன்கு இணங்குகிறது. வேறு விளக்கங்களும் உண்டு, ஆனால் இதுவே எனக்கு ஏற்புடையது. கன்னடத்தில் தமிழரைக் குறிக்கும் திகுளர் என்ற பெயர் மட்டும் இவ்வகையினது அன்று. அதைத் தமிழர் என்பதன் திரிபாகவே கொள்வர்.

போர்ச்சுகீசியரும் இவ்வழியில்தான் சென்றார்கள். முதலில் கால்வைத்தது மலபார்க் கரை. அதனால் தமிழும் அவர்களுக்கு மலபார் மொழி ஆயிற்று. முத்துக்குளித்துறையில் உழைத்த அண்டிரிக் அடிகளார் எழுதிய தமிழ் இலக்கணத்துக்கே மலபார் மொழி இலக்கணம் என்பதுதான் பெயர். கொல்லத்தில் 1578இல் அச்சான அவருடைய தம்பிரான் வணக்கத்தின் போர்ச்சுகீசியத் தலைப்பு, 'மலவார் தமுல்' மொழி என்று இரு பெயரையும் சேர்த்தே சொல்கிறது. தரங்கம்பாடி சீகன்பால்குவின் இலக்கணம் 1716இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சானபோது, இலத்தீன் தலைப்பில் 'தமுலிக்கா' என்று வந்துவிட்டது. ஆயினும் இலங்கையின் ஆங்கில ஆவணங்களில் தமிழரை மலபாரிகள் என்பது 19ஆம் நூற்றாண்டிலும் தொடர்ந்தது. ஆகவே அக்கால ஐரோப்பியர் எழுத்தில் 'மலபார் மொழி' என்று கண்டால், உடனே மலையாளம் என்று எண்ணிவிடாமல், எழுதியவர் எந்த ஊரில் இருந்தார், எடுத்துக்காட்டாகத் தரும் சொற்கள் எவை என்று பார்த்த பிறகே எம்மொழி என்று முடிவு செய்யுங்கள்.